மலை ஊருக்குச் சூரியத் தெருவிளக்கு: விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு வேண்டும்?

கேள்வி: ஏற்காடு மலையில் எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த ஒரு குக்கிராமத்தில் தெருவிளக்கே கிடையாது. 12 சூரிய விளக்குகள் கேட்டு ஆட்சியருக்கு விண்ணப்பம் எழுத இருக்கிறேன். மின்கணக்கும் இருக்க வேண்டும் என்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: பலரும் "இத்தனை யூனிட் மிச்சமாகும்" என்றுதான் எழுதுகிறார்கள். விளக்கே இல்லாத இடத்தில் மிச்சம் ஏது? கோப்பைப் பார்க்கும் பொறியாளர் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான். உங்கள் கணக்கு காட்ட வேண்டியது வேறு: சமவெளிக்கான விளக்கு உங்கள் மலையில் ஏன் நிற்காது என்பது.

20 வாட் எல்.இ.டி. விளக்கு மாலை 6 முதல் இரவு 11 வரை முழு ஒளியிலும், பிறகு காலை 6 வரை பாதி ஒளியிலும் எரிவதாகக் கொள்ளுங்கள். ஓர் இரவின் தேவை 20×5 + 10×7 = 170 வாட்-மணி. சேலம் நகரம்போல் நாளுக்கு 5 மணி நேரத்துக்கு ஈடான முழு வெயில் கிடைத்து, இழப்பு போக முக்கால் பங்கு மின்கலத்தில் சேர்ந்தால், 50 வாட் தகடே போதும். மேகமும் மூடுபனியும் கவியும் ஐப்பசி, கார்த்திகையில் மலைக்கு 3 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது அதே தகடு தருவது 50×3×0.75 = 112 வாட்-மணிதான். தினமும் 58 குறையும். மூன்று இரவுக்குத் தாங்கும் மின்கலமும் ஒன்பது நாளில் தீர்ந்துவிடும். விளக்கு மாலையில் நன்றாக எரிந்து விடியற்காலையில் மட்டும் அணைந்தால், காரணம் பெரும்பாலும் இந்தக் குறைதான்.

ஆகவே இப்படி எழுதலாம்:

"மழைக்காலத்தில் நாளுக்கு 3 மணி முழு வெயில் என்ற அடிப்படையில், ஒவ்வொரு விளக்குக்கும் 100 வாட் தகடும், வெயிலே இல்லாத மூன்று இரவுகளைத் தாங்க 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலமும் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

மூன்று இரவுக்கு 510 வாட்-மணி வேண்டும். மின்கலத்தில் எண்பது விழுக்காட்டையே பயன்படுத்துவது நல்லது என்பதால், 640 வாட்-மணி கொள்ளளவு சரியாக வருகிறது. 100 வாட் தகடு மழைக்காலத்திலும் நாளுக்கு 225 வாட்-மணி தரும் என்பதால், அன்றன்றைய தேவை போக 55 மிஞ்சும்.

காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழல் தகட்டின் ஓர் ஓரத்தில் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும். மேலே சொன்ன எந்தக் கணக்கும் அங்கே செல்லாது. விண்ணப்பத்துக்கு முன் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்குக் கம்பம் நடும் இடங்களில் நின்று நிழலைக் குறித்து, வரைபடமாக இணையுங்கள்.

இன்னொரு தாளையும் விடாதீர்கள்: அந்தக் குக்கிராமம் வரை கம்பமும் கம்பியும் இழுக்க மின்வாரியப் பிரிவு அலுவலகம் தரும் மதிப்பீடு. சூரிய விளக்கின் விலையை அதனோடுதான் ஒப்பிட வேண்டும். ஊராட்சித் தீர்மான நகலைச் சேர்த்து, வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக அனுப்புங்கள்.