பன்னிரண்டு மாதமும் ஒரு நாளும்

கேள்வி: எங்கள் அக்கா குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் குடியேறியவர்கள். அக்கா இப்போது பென்ஷனில் இருக்கிறார். 2024 நவம்பர் 14இல் ஒரு கம்பனியின் 500 பங்குகளை 1,200 ரூபாய்ப்படி வாங்கினார். 2025 மார்ச் 10இல் அதே கம்பனியில் இன்னும் 300 பங்குகளை 1,500 ரூபாய்ப்படி வாங்கினார். இப்போது, 2025 நவம்பர் இரண்டாம் வாரத்தில், விலை 1,800. வீட்டு வேலைக்காக இந்த வாரமே 600 பங்குகளை விற்கப் பார்க்கிறார். அவருடைய மகனோ “நவம்பர் 14 தாண்டட்டும், வரி பாதிக்கு மேல் குறையும்” என்கிறான். லாபம் அதே லாபம்தானே, நாலு நாள் பொறுத்தால் வரி ஏன் குறைய வேண்டும்? ஹட்டனில் இருக்கும் எனக்கும் கொழும்புப் பங்குச் சந்தையில் கொஞ்சம் பங்கு உண்டு. எனக்கும் இந்தக் கணக்கு உண்டா?

பதில்: அக்காவின் மகன் சொல்வது சரி. ஆனால் 14ஆம் தேதியன்று விற்றாலும் பலன் இல்லை. அது முடிந்த பிறகுதான் விற்க வேண்டும்.

இந்தியச் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்கைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கையில் வைத்திருந்து விற்றால் வரும் லாபத்தை நீண்டகால ஆதாயம் என்கிறது. பன்னிரண்டு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் அது குறுங்கால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் குறுங்கால ஆதாயத்துக்கு 20 வீதம் வரி. நீண்டகால ஆதாயத்தில் ஒரு நிதியாண்டுக்கு முதல் 1,25,000 ரூபாய்க்கு வரியே இல்லை, அதற்கு மேல் உள்ளதற்கு 12.5 வீதம். வரி எதுவானாலும் அந்த வரித்தொகையில் 4 வீதம் செஸ் என்ற மேல்வரி சேரும்.

லாபம் ஒன்றாக இருக்கும்போது நாள் மட்டும் ஏன் வரியைத் தீர்மானிக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி. ஒருவர் பங்கை வாங்கியது விலை ஏறினதும் தள்ளிவிடவா, கம்பனியோடு கூடவே இருக்கவா என்பது அவர் மனதுக்குள் இருக்கிற விஷயம். வரி அதிகாரி மனதைப் படிக்க முடியாது, தேதியைப் படிக்கலாம். அதனால் சட்டம் நோக்கத்துக்குப் பதிலாகக் காலத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டது. இன்னொரு காரணமும் உண்டு. பல வருடம் வைத்திருந்து விற்றவரின் லாபம் உண்மையில் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அதில் ஒரு பகுதியைப் பணவீக்கம் தின்றுவிட்டது. அதையெல்லாம் விற்ற ஒரே வருடத்தின் வருமானமாகப் பார்த்து முழு வரி போடுவது நியாயமில்லை. அதற்குப் பன்னிரண்டு மாதம்தான் சரியான கோடு என்று யாரும் நிரூபிக்க முடியாது. பட்டியலில் இல்லாத கம்பனிப் பங்குக்கு அதே சட்டம் இருபத்துநான்கு மாதம் கேட்கிறது. எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டும், போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள் என்பதில் இத்தனை பணம் புரள்வது அதனால்தான்.

அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவருடைய பென்ஷன், வரியில்லா வருமான வரம்பை ஏற்கெனவே நிரப்பிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். நிரப்பாவிட்டால் மிச்சமுள்ள வரம்பை இந்த லாபத்துக்கு எதிராகக் கழிக்கலாம், வரி இன்னும் குறையும்.

600 பங்கு விற்றால் அதில் எந்த 600 என்பதை அக்கா தெரிவு செய்ய முடியாது. பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு ஒன்றில் முதலில் வந்த பங்குதான் முதலில் வெளியே போனதாகக் கொள்வார்கள். ஆகவே விற்பது நவம்பரில் வாங்கிய 500உம், மார்ச்சில் வாங்கியதில் 100உம். முதல் 500இல் லாபம் பங்குக்கு 600 ரூபாய், மொத்தம் 3,00,000. அடுத்த 100இல் பங்குக்கு 300 ரூபாய், மொத்தம் 30,000.

14ஆம் தேதியோ அதற்கு முன்போ விற்றால் 3,30,000 முழுவதும் குறுங்கால ஆதாயம். 20 வீதத்தில் 66,000, செஸ்ஸோடு 68,640 ரூபாய். அதற்குப் பிறகு விற்றால் 3,00,000 நீண்டகாலத்துக்கு மாறும். அதில் 1,25,000 கழித்து மிச்சம் 1,75,000க்கு 12.5 வீதம் 21,875. மார்ச்சில் வாங்கிய நூறு பங்கு இன்னும் குறுங்காலம்தான், அதற்கு 6,000. இரண்டும் சேர்ந்து செஸ்ஸோடு 28,990 ரூபாய். வித்தியாசம் 39,650 ரூபாய்.

நாள் எண்ணுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வாங்கிய நாளையும் சேர்த்து, விற்கும் நாளுக்கு முந்தின நாள் வரை எண்ண வேண்டும். 2024 நவம்பர் 14இல் தொடங்கினால் பன்னிரண்டு மாதம் 2025 நவம்பர் 13ஆம் தேதியோடு நிறைகிறது. 14ஆம் தேதி விற்றால் கையில் இருந்தது சரியாகப் பன்னிரண்டு மாதம். சட்டம் கேட்பது பன்னிரண்டுக்கு மேல். எனவே 14 இன்னும் குறுங்காலம். 15ஆம் தேதியிலிருந்து நீண்டகாலம், ஆனால் அது சனிக்கிழமை, சந்தை மூடியிருக்கும். அக்கா விற்கக்கூடிய முதல் நாள் 17ஆம் தேதி திங்கட்கிழமை.

அந்தத் தேதியையும் சரியான காகிதத்திலிருந்து எடுக்க வேண்டும். கணக்கில் காசு வந்த நாளோ, டீமேட்டில் பங்கு ஏறிய நாளோ அல்ல, தரகர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள வர்த்தகத் தேதிதான் எடுபடும். இந்தியாவில் பங்கும் காசும் மறு வேலைநாளில் கைமாறுகின்றன. அதனால் வெள்ளிக்கிழமை விற்று, காசு திங்கட்கிழமை வந்ததென்று அந்தத் தேதியைக் காட்டினால் தவறு. ஆண்டு முழுவதும் சும்மா கிடந்த பழைய கான்ட்ராக்ட் நோட்டுகளை மின்னஞ்சலில் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தரகரின் செயலி காட்டும் சராசரி விலையை நம்பிக் கணக்குப் போட்டால் இரண்டு கொள்முதலும் கலந்துவிடும்.

இனி, பொறுத்திருப்பது லாபமா என்ற கேள்வி. வரி மிச்சமாகும் என்பதற்காகவே விலை விழும் பங்கைக் கட்டிக்கொண்டிருப்பது புத்தியல்ல. அக்காவின் விஷயத்தில் பங்கின் விலை 1,800இலிருந்து சுமார் 1,723க்கு இறங்கினால்தான், அதாவது பங்குக்கு 77 ரூபாய் குறைந்தால்தான், மிச்சப்படுத்திய வரி முழுவதும் கரையும். ஏறத்தாழ 4.3 வீத இறக்கம். ஒரு வாரத்தில் ஒரு பங்கு அவ்வளவு இறங்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு வாரத்துக்கு இந்த ஆபத்தை ஏற்கலாம் என்றே நான் சொல்வேன். கோட்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்திருந்தால் இந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன்.

9,00,000 ரூபாய் போதுமென்றால் 500 பங்கோடு நிறுத்திக்கொள்ளட்டும். வரி 22,750 மட்டும். மார்ச்சில் வாங்கியவை 2026 மார்ச் 11இலிருந்து நீண்டகாலமாகும். ஆனால் அவற்றைத் தேவைப்படும்போது ஏப்ரல் 1க்குப் பிறகு விற்பதே நல்லது. புதிய நிதியாண்டில் புதிய 1,25,000 ரூபாய் வரம்பு கிடைக்கும், அந்த நூறு பங்கின் 30,000 லாபம் அதற்குள் அடங்கிவிடும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. அக்காவிடம் நட்டத்தில் கிடக்கும் வேறு பங்கு இருந்தால் அதற்குப் புத்தி நேர் எதிர். குறுங்கால நட்டத்தைக் குறுங்கால ஆதாயம், நீண்டகால ஆதாயம் இரண்டிலும் கழிக்கலாம். நீண்டகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். எப்படியும் விற்கத்தான் போகிறோம் என்ற நட்டப் பங்கைப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே விற்றுவிடுவது மேல். கழித்து மிஞ்சும் நட்டத்தை எட்டு ஆண்டுவரை கொண்டுபோகலாம், அதற்கு வரி விவரத்தைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

கம்பனி இலவசமாகத் தரும் போனஸ் பங்கு வந்திருந்தால் கவனம். கணக்கில் பழைய பங்கோடு ஒன்றாகவே தெரியும், ஆனால் அதன் கடிகாரம் அது ஒதுக்கப்பட்ட நாளில்தான் ஓடத் தொடங்கும், அடக்கவிலையும் பூச்சியம். பங்கைப் பிரித்துத் தந்திருந்தால் அப்படியில்லை, மூலப் பங்கு வாங்கிய நாளே நிற்கும். கணவர் இறந்து அவருடைய பங்கு அக்கா பெயருக்கு மாறியிருந்தால் அவர் வாங்கிய நாளிலிருந்தே காலம் எண்ணப்படும், அவர் கொடுத்த விலையே அடக்கவிலை. பெயர் மாறிய நாளிலிருந்து எண்ணித் தேவையில்லாமல் 20 வீதம் கட்டிவிட வேண்டாம்.

உங்கள் கொழும்புப் பங்குகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்கை முதலீடாக வைத்திருந்து விற்றால் வரும் ஆதாயத்துக்கு 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. மூன்று வாரம் வைத்திருந்தாலும் முப்பது வருடம் வைத்திருந்தாலும் ஒன்றுதான். அதற்குப் பதில் அரசு கொடுக்கல்வாங்கலின் மீதே கை வைக்கிறது: வாங்குபவரிடமும் விற்பவரிடமும் பெறுமதியில் 0.3 வீதம் பங்குக் கொடுக்கல்வாங்கல் வரி. நட்டத்தில் விற்றாலும் அது போகும், தரகரின் பற்றுச்சீட்டைப் பாருங்கள், தனிப் பதிவாக இருக்கும். பட்டியலில் இல்லாத கம்பனியில் உங்களுக்குப் பங்கு இருந்தால் கதை வேறு. அந்த ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு, தனிநபருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 15 வீதம். அங்கும் எத்தனை மாதம் வைத்திருந்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.