இ.பி.எஸ். ஏறுகிறது, பங்கு விலை ஏன் இறங்குகிறது?

கேள்வி: நான் அம்பத்தூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் 400 பங்குகள் வைத்திருக்கிறேன். அந்த நிறுவனம் ஒரகடத்தில் உள்ள இன்னொரு நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. பணம் கொடுக்கவில்லை, அவர்களின் 10 பங்குக்கு நம் 9 பங்கு தருகிறார்களாம். முதல் ஆண்டிலேயே இ.பி.எஸ்., அதாவது ஒரு பங்குக்கான லாபம், 10 சதவிகிதம் உயரும் என்று அறிவித்தார்கள். ஆனால், 250 ரூபாயில் இருந்த பங்கு மறுநாளே 243 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. சந்தை தவறாகப் புரிந்துகொண்டதா? வாக்கெடுப்பில் ஆதரவு தரலாமா? நோட்டீஸின் முக்கியப் பக்கங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சந்தை சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறது. நிறுவனமும் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாகும் என்பதுதான் விஷயம்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இருக்கும் எண்களையே எடுத்துக்கொள்வோம். உங்கள் நிறுவனத்துக்கு 10 கோடி பங்குகள், ஆண்டு நிகர லாபம் 100 கோடி ரூபாய். ஆக, ஒரு பங்குக்கு 10 ரூபாய் லாபம். விலை 250 ரூபாய், லாபத்தைப் போல 25 மடங்கு. இந்த மடங்குதான் பி.இ., ஆக பி.இ. 25. ஒரகடம் நிறுவனத்துக்கு 2 கோடி பங்குகள், லாபம் 30 கோடி, பங்கு விலை 180 ரூபாய். அதன் பி.இ. வெறும் 12.

10-க்கு 9 என்றால், 180 ரூபாய் பங்குக்கு 225 ரூபாய் மதிப்புள்ள பங்கைத் தருகிறார்கள் என்று பொருள். அதாவது 25 சதவிகிதம் கூடுதல் விலை. மொத்தம் 450 கோடி ரூபாய். இதற்காக 1.8 கோடி புதிய பங்குகளை வெளியிடுகிறார்கள். இணைந்த பிறகு லாபம் 130 கோடி, பங்குகள் 11.8 கோடி, வகுத்தால் 11.02 ரூபாய். நிர்வாகம் சொன்ன 10 சதவிகித உயர்வு இதுதான்.

இதில் செலவு குறைப்பு ஏதாவது சேர்ந்திருக்கிறதா? ஒரு ரூபாய்கூட இல்லை. புதிய ஆர்டர்? அதுவும் இல்லை. இரண்டு லாபங்களைக் கூட்டிப் புதிய பங்கு எண்ணிக்கையால் வகுத்தார்கள், அவ்வளவே. உயர்வு எங்கிருந்து வந்தது என்று பார்க்க நான் எப்போதும் ஒரு கணக்கைத்தான் போடுவேன்: புதிதாக வெளியிடும் ஒவ்வொரு பங்கும் எத்தனை ரூபாய் லாபத்தைக் கையோடு கொண்டுவருகிறது? 30 கோடியை 1.8 கோடியால் வகுத்தால் 16.67 ரூபாய். உள்ளே இருக்கும் பங்குகள் 10 ரூபாய் சம்பாதிக்கும்போது, 16.67 ரூபாய் சம்பாதிக்கும் பங்குகள் வந்து சேர்ந்தால் சராசரி ஏறாமல் என்ன செய்யும்?

இதையே பி.இ. மொழியிலும் சொல்லலாம். உங்கள் நிறுவனத்தின் ஒரு ரூபாய் லாபத்துக்குச் சந்தை 25 ரூபாய் விலை வைத்திருக்கிறது. அந்தப் பங்கையே கொடுத்து, அடுத்தவரின் ஒரு ரூபாய் லாபத்தை 15 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். தன் பி.இ.யைவிடக் குறைந்த பி.இ.யில் வாங்கினால் இ.பி.எஸ். ஏறும், அதிகமான பி.இ.யில் வாங்கினால் இறங்கும். பார்க்க வேண்டியது எதிர் நிறுவனத்தின் சந்தை பி.இ.யான 12 அல்ல, கூடுதல் விலையும் சேர்ந்த 15.

இந்த விதியின் பலவீனம், அதை எல்லைவரை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதே நிறுவனத்துக்கு 225 ரூபாய்க்குப் பதில் 370 ரூபாய் கொடுத்திருந்தாலும், அதாவது சந்தை விலையைப் போல இரு மடங்குக்கு மேல் வாரி இறைத்திருந்தாலும், இ.பி.எஸ். கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். 375 ரூபாயில்தான் உயர்வு பூஜ்யமாகிறது. இவ்வளவு இடம் கொடுக்கும் அளவுகோலை வைத்து, கொடுத்த விலை நியாயமா என்று எப்படி முடிவு செய்வது?

இனி விலைக்கு வருவோம். இணைப்புக்கு முன் உங்கள் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 2,500 கோடி, அவர்களுடையது 360 கோடி. இரண்டும் சேர்ந்து 2,860 கோடி. இணைப்பால் புதிதாக எதுவும் விளையவில்லை என்றால், இணைந்த நிறுவனத்தின் மதிப்பும் அதே 2,860 கோடிதான். 11.8 கோடியால் வகுத்தால் பங்குக்கு 242.40 ரூபாய். நீங்கள் மறுநாள் பார்த்த 243 ரூபாய் ஏறக்குறைய இதுதான். இ.பி.எஸ். ஏறியது, பி.இ. 25-லிருந்து 22-க்கு இறங்கியது. 25 பி.இ. லாபத்தோடு 12 பி.இ. லாபத்தைக் கலந்தால், கலவைக்கு 25 பி.இ. கிடைக்காது.

உங்கள் கையிலிருந்து போனது பங்குக்கு 7.60 ரூபாய், 400 பங்குக்குச் சுமார் 3,050 ரூபாய். உங்கள் பக்கத்துப் பங்குதாரர்கள் எல்லோரும் இழந்ததைக் கூட்டினால் 76 கோடி. அதே 76 கோடி அந்தப் பக்கத்துப் பங்குதாரர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கூடுதல் விலை 90 கோடியாயிற்றே என்று கேட்கலாம். அவர்களும் இப்போது உங்கள் நிறுவனத்தில் பங்குதாரர்கள் என்பதால், இறக்கத்தில் ஒரு பகுதியை அவர்களும் சுமக்கிறார்கள்.

கலவைக்கும் 25 பி.இ.யே கிடைக்கும் என்று சந்தை ஏமாந்தால் பங்கு 275 ரூபாய்க்குப் போகும். 1960-களில் அமெரிக்காவில் சம்பந்தமில்லாத தொழில்களை வாங்கிக் குவித்த பெருங்குழும நிறுவனங்கள் இப்படித்தான் வளர்ந்தன. உயர்ந்த பி.இ. பங்கைக் கொடுத்துத் தாழ்ந்த பி.இ. நிறுவனத்தை வாங்குவது, ஏறிய இ.பி.எஸ்.ஸை வளர்ச்சி என்று காட்டுவது, அதனால் ஏறிய பங்கை வைத்து அடுத்ததை வாங்குவது. வாங்குவது நின்றவுடன் வளர்ச்சியும் நின்றது. தசாப்தத்தின் முடிவில் பங்குகள் சரிந்தன.

அடுத்து, உங்கள் நோட்டீஸில் நான் பென்சிலால் கோடு போட்ட ஓர் அடிக்குறிப்பு. 'கையகப்படுத்தல் தொடர்பான தேய்மானத்துக்கு முன்' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. 10 சதவிகிதம் என்ற சொல்லைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது.

இந்தியக் கணக்கியல் தரம் 103-ன்படி, வாங்கும் நிறுவனம் கொடுத்த விலையை வந்த சொத்துகளின் மேல் பிரித்துப் போட வேண்டும். ஒரகடம் நிறுவனத்தின் புத்தக மதிப்பு 200 கோடி. கொடுத்தது 450 கோடி. மிச்சம் 250 கோடியில், வாகன ஆலைகளோடு அதற்கு இருக்கும் நீண்டகால வாடிக்கையாளர் உறவுக்கு 120 கோடி மதிப்புப் போட்டு, 10 ஆண்டுகளில் தேய்ப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஆண்டுக்கு 12 கோடி. வரி விளைவு போக ஏறக்குறைய 9 கோடி. மீதி குட்வில், அதாவது எந்தச் சொத்தின் பெயரிலும் போட முடியாத மிகை விலை. அதை ஆண்டுதோறும் தேய்க்க வேண்டியதில்லை. ஆனால் மதிப்புக் குறைந்துவிட்டதா என்று ஒவ்வோர் ஆண்டும் சோதிக்க வேண்டும். குறைந்திருந்தால் ஒரே வீச்சில் லாபத்தில் அடிபடும்.

அந்த 9 கோடியைக் கழித்தால் இணைந்த லாபம் 121 கோடி, இ.பி.எஸ். 10.25 ரூபாய். 10 சதவிகித உயர்வு இரண்டரை சதவிகிதமாகச் சுருங்கிவிட்டது. தேய்மானம் பணமாக வெளியே போவதில்லை என்று நிர்வாகம் வாதாடும். அதில் நியாயம் உண்டு. ஆனால் உங்களுக்கு வரும் ஆண்டறிக்கையில் அச்சாகப் போவது 10.25 தான். (இரண்டும் ஒரே புரமோட்டரின் நிறுவனங்களாக இருந்தால் கதை வேறு. அப்போது புத்தக மதிப்பிலேயே கணக்கு இணையும். இந்தத் தேய்மானம் எழாது. அங்கே கவலைப்பட வேண்டியது பரிமாற்ற விகிதத்தைப் பற்றி.)

'முதல் ஆண்டிலேயே' என்ற சொல்லும் சும்மா வரவில்லை. பி.இ. 25 என்றால் சந்தை உங்கள் நிறுவனத்திடம் வளர்ச்சியை எதிர்பார்க்கிறது. 12 என்றால் அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை. உங்கள் நிறுவனம் தனியாக ஆண்டுக்கு 12 சதவிகிதம் வளரும், ஒரகடத்தின் லாபம் 30 கோடியிலேயே நிற்கும் என்று வையுங்கள். இரண்டு ஆண்டுகள் வளர்ந்த பின் தனி நிறுவனமாக இ.பி.எஸ். 12.54 ரூபாயாக இருந்திருக்கும். இணைந்ததால் தேய்மானம் போக 12.41. தேய்மானத்துக்குப் பிறகு புதிய பங்கு ஒவ்வொன்றும் கொண்டுவருவது 11.67 ரூபாய்தான், பழைய பங்கின் வளர்ச்சி அதை இரண்டே ஆண்டுகளில் தாண்டிவிடுகிறது. முதல் ஆண்டில் ஏற்றம், பிறகு இறக்கம்.

இதன் மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் தவறு. வேகமாக வளரும் நிறுவனத்தை 40 பி.இ.யில் வாங்கினால் முதல் ஆண்டு இ.பி.எஸ். இறங்கும்; சில ஆண்டுகளில் தனியாக இருந்ததைவிட மேலே போகலாம். இ.பி.எஸ். இறங்கும் இணைப்பெல்லாம் கெட்டதும் அல்ல. வாங்கப்படுவது நஷ்டத்தில் இருந்தால் பி.இ. விதியே பேசாது. நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியுடன் 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி அலகாபாத் வங்கி இணைந்தபோது, 1,000 அலகாபாத் வங்கிப் பங்குக்கு 115 இந்தியன் வங்கிப் பங்கு என்று விகிதம் வைத்தார்கள். அலகாபாத் வங்கி 2018-19-இல் பெரும் நஷ்டம் காட்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இ.பி.எஸ்.ஸைக் கொண்டு எதையும் அளக்க முடியாது.

சரி, வாக்கு. உங்கள் பங்கு 250 ரூபாய்க்குத் திரும்ப, இணைந்த நிறுவனம் 2,950 கோடி பெற வேண்டும். இப்போது இருப்பதைவிட 90 கோடி அதிகம். அது இணைப்பால் வரும் செலவுச் சேமிப்பிலிருந்துதான் வர வேண்டும். அந்தச் சேமிப்பு நீடிக்கும் என்று நம்பி அதற்கு 15 மடங்கு மதிப்பு கொடுத்தால், வரிக்குப் பின் ஆண்டுக்கு 6 கோடி, வரிக்கு முன் 8 கோடி சேமிப்பு வேண்டும். இரண்டு நிறுவனங்களும் ஒரே வாகன ஆலைகளுக்குச் சப்ளை செய்கின்றன. உருக்கு, அலுமினியம் கொள்முதலை ஒன்றாக்கினால், ஒரு கிடங்கை மூடினால், 8 கோடி எட்டாத தொகை அல்ல. ஆனால் நீங்கள் அனுப்பிய பக்கங்களில் 'ஒருங்கிணைப்பின் பயன்கள்' என்ற தலைப்பின் கீழ் ஆறு வரி இருக்கிறது, ஓர் எண்கூட இல்லை.

இணைப்புகளுக்கு ஒப்புதல் தரும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு கூட்டச் சொல்லும் பங்குதாரர் கூட்டத்தில், வாக்களிப்பவர்களில் எண்ணிக்கைப் பெரும்பான்மையும், மதிப்பில் நான்கில் மூன்று பங்கும் ஆதரவாக இருக்க வேண்டும். அதற்கு முன் நிறுவனச் செயலாளருக்கு மின்னஞ்சலில் இரண்டு கேள்விகளை அனுப்புங்கள். தேய்மானத்துக்குப் பிந்தைய இ.பி.எஸ். மூன்றாம் ஆண்டில், இணைப்பு இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு? ஆண்டுச் சேமிப்பு எத்தனை கோடி, எந்தச் செலவில், எந்த ஆண்டிலிருந்து? 8 கோடிக்கு மேல் சொல்லி, அது எங்கிருந்து வரும் என்றும் காட்டினால் நான் ஆதரவாக வாக்களிப்பேன். பதிலிலும் அதே ஆறு வரி வந்தால் எதிராக.