பாலத்தைக் கடக்கும் ரயில்: 50 விநாடியா, 80 விநாடியா?

கேள்வி: 450 மீட்டர் நீள ரயில், மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் 750 மீட்டர் பாலத்தைக் கடக்க 80 விநாடி ஆகும் என்கிறது என் மகனின் கணக்குப் புத்தகம். சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கொள்ளிடத்தைப் பலமுறை கடந்திருக்கிறேன். பாலத்தின் நீளத்தை மட்டும் வகுத்தால் 50 விநாடிதானே வருகிறது?

பதில்: இரண்டு விடைகளுமே சரி, ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கு உரியவை. முதலில் வேகத்தை மீட்டருக்கு மாற்றிக்கொள்வோம். மணிக்கு 54 கி.மீ. என்பதை 5/18 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 15 மீட்டர் கிடைக்கும்.

ரயில் பாலத்தைக் கடப்பது என்று கணக்கில் சொல்லும்போது, இன்ஜினின் மூக்கு பாலத்தின் இக்கரை முனையைத் தொடும் கணத்தில் தொடங்கி, கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் மஞ்சளில் எழுதியிருக்கும் பெருக்கல் குறி அக்கரை முனையைத் தாண்டும் வரை உள்ள நேரத்தையே குறிக்கிறார்கள். இன்ஜின் அக்கரையைத் தொட்டபோது அது 750 மீட்டர்தான் ஓடியிருக்கிறது. அப்போது ரயிலின் 450 மீட்டரும் இன்னும் பாலத்தின் மேலேயே நிற்கிறது. அது முழுவதும் வெளியே வர இன்ஜின் மேலும் 450 மீட்டர் ஓட வேண்டும். ஆக மொத்தம் 1200 மீட்டர். 15 ஆல் வகுத்தால் 80 விநாடி.

உங்கள் ஜன்னலோ ஒரு புள்ளி. அது பாலத்தின் நீளத்தை மட்டுமே கடப்பதால் 50 விநாடி போதும். முதல் பெட்டியில் இருந்தாலும் கடைசிப் பெட்டியில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள 30 விநாடி, இதே ரயில் ஒரு கம்பத்தைக் கடக்க ஆகும் நேரம் (450 ÷ 15). மகனின் விடையைச் சரிபார்க்க இந்த வித்தியாசமே போதும். நடைமேடைக் கணக்கும் இதேதான். பாலத்தின் இடத்தில் நடைமேடையின் நீளத்தை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த பயணத்தில் கையில் கடிகாரத்தோடு நீங்களே பாலத்தை அளந்து பார்க்கலாம். தண்டவாளத்தின் ஓரத்தில் உள்ள ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை ஆகும் விநாடிகளால் 3600ஐ வகுத்தால் மணிக்கு இத்தனை கி.மீ. என்று வேகம் கிடைத்துவிடும். 67 விநாடி ஆனால் ஏறத்தாழ 54. பிறகு உங்கள் ஜன்னல் பாலத்தின் இரு முனைகளையும் தாண்டும் நேரத்தை எடுத்து, விநாடி வேகத்தால் பெருக்குங்கள். கடிகாரத்தை ஒரு விநாடி தாமதமாக அழுத்தினாலே 15 மீட்டர் பிசகும் என்பதால், இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

வேகம் மாறாமல் இருந்தால் மட்டுமே இவையெல்லாம் பொருந்தும். கும்பகோணத்தில் நிற்கப்போகும் ரயில் நடைமேடைக்குள் நுழையும்போதே வேகம் குறைந்துகொண்டு வரும். அங்கே இந்தச் சூத்திரத்தைப் போட்டால் விடை பொய்யாகிவிடும். நிற்காமல் ஓடும் ரயிலைத்தான் இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.