குரூப் முகவரி, பொதுப் பெட்டி, மெயிலிங் லிஸ்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் குடியிருப்பில் 120 வீடுகள், கமிட்டியில் ஐந்து பேர். புகார் மெயில் வந்தால் ஐவருக்கும் தெரியவேண்டும். குரூப் முகவரி போதுமா?

மாதம் ஐந்தாறு மெயில் என்றால் போதும். குரூப் முகவரி, வந்ததை ஐந்து நகலாக்கி ஐவருக்கும் அனுப்பிவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. லிப்ட் நின்றுவிட்டது என்று ஒருவர் எழுதினால் ஐவர் பெட்டியிலும் அது படிக்காத மெயிலாகக் கிடக்கும். தலைவர் பதில் போட்டால் அது அவருடைய அனுப்பிய பெட்டியில் மட்டும் இருக்கும், மற்ற நால்வருக்குத் தெரியாது. அப்புறம் நடப்பது இரண்டில் ஒன்று: மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொல்வார்கள், அல்லது எல்லாரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

தினம் நாலைந்து வருகிறது, யார் எதற்குப் பதில் சொன்னார் என்று தெரியவேண்டும் என்றால் பொதுப் பெட்டிதான். அங்கே மெயில் ஒரே இடத்தில் இருக்கும், பதிலும் பக்கத்திலேயே இருக்கும். எதை வைத்தாலும் அட்மின் இருவராக இருக்கட்டும்.

குரூப் முகவரிக்கு பாஸ்வேர்டு என்ன? லாகின் பக்கத்தில் எதைப் போட்டாலும் ஏற்கவில்லை.

அதற்கு பாஸ்வேர்டே கிடையாது. அது பெட்டி அல்ல, வழிகாட்டிப் பலகை.

சங்கத்துக்கு இலவச ஜிமெயில் கணக்கு ஒன்று தொடங்கி, ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேரும் வைத்திருந்தோம். இப்போது உள்ளே போக ஓடிபி கேட்கிறது. அது பழைய செயலாளர் போனுக்குப் போகிறது, அவர் வெளிநாட்டில். என்ன செய்வது?

இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதிவிட்டேன் என்று கணக்கே இல்லை. ஒரு கணக்கு ஒரு ஆளுக்கு என்றுதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து ஊரிலிருந்து ஐந்து போன்கள் ஒரே கணக்கில் நுழைந்தால், யாரோ திருடுகிறார்கள் என்று அது சந்தேகப்படுவது நியாயம்தான்.

முதலில் அவரைப் பிடியுங்கள், வேறு குறுக்குவழி தேடாதீர்கள். இருவருக்கும் தோதான ஒரு நேரத்தில் அவரை அழைப்பில் வைத்துக்கொண்டு, நீங்கள் லாகின் செய்யுங்கள், அவர் ஓடிபியைப் படிக்கட்டும். உள்ளே போனதும் முதலில் மீட்பு போன் எண்ணையும் மீட்பு மெயிலையும் மாற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால் அதில் உள்ள எண்ணையும் மாற்றுங்கள். அப்புறம் பாஸ்வேர்டு. பலர் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு வெளியே வந்து, மறுபடி அதே இடத்தில் மாட்டுகிறார்கள். எண்ணை மாற்றிய பிறகும் ஒரு வாரம் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கூகுள் கேட்கலாம். அது பிழை அல்ல, பதற வேண்டாம்.

அடுத்து அமைப்புகளில் வடிகட்டிகளையும் ஃபார்வர்டிங்கையும் திறந்து பாருங்கள். நான் உதவப் போன ஒரு சங்கத்தில், 'பில்' என்ற சொல் உள்ள ஒவ்வொரு மெயிலும் பழைய பொருளாளரின் சொந்த முகவரிக்கு மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வசதிக்காகப் போட்டு மறந்துவிட்டார். ஆனால் அதே சங்கத்தில் ஒரு ஒப்பந்ததாரருக்கு 'வேலையைத் தொடங்கலாம்' என்று ஒரு மெயில் போயிருந்தது. எழுதியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஐவரும் ஒரே பெயரில் நுழைந்தால் எழுதிய கை எது என்று யாரால் சொல்ல முடியும்? வருடக்கணக்கான நட்பு அந்த ஒரு மெயிலில் உடைந்தது. பாஸ்வேர்டைப் பகிராதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இனி செய்யவேண்டியது: பாஸ்வேர்டு செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு, ஜிமெயில் அமைப்பில் `Accounts and Import` பகுதியில் `Grant access to your account` வழியாக அனுமதி கொடுங்கள். தனிநபர் கணக்கில் 10 பேர் வரை சேர்க்கலாம். அவரவர் தங்கள் ஜிமெயிலிலிருந்தே சங்கப் பெட்டியைத் திறந்து படிக்கலாம், பதில் போடலாம், ஆனால் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. பதவி முடிந்தவரை ஒரு சொடுக்கில் நீக்கலாம். மீட்பு எண் ஒருவருடையது, மீட்பு மெயில் இன்னொருவருடையது என்று வைத்தால் ஒருவர் போனாலும் கதவு அடைபடாது.

மைக்ரோசாஃப்ட் 365 பொதுப் பெட்டி வைத்திருக்கிறோம். நான் பதில் போட்டால் மற்றவர்களுக்குத் தெரிவதில்லையே?

சங்க முகவரியில் அனுப்பினாலும் நகல் உங்கள் சொந்த அனுப்பிய பெட்டியில்தான் விழும். அட்மினிடம் இதை ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள், பொதுப் பெட்டியிலும் நகல் நிற்கும்:

```
Set-Mailbox office -MessageCopyForSentAsEnabled $true
```

`office` என்ற இடத்தில் உங்கள் பெட்டியின் பெயர்.

முன்னாள் மாணவர் மெயிலிங் லிஸ்ட், சுமார் 400 பேர். யாகூ முகவரிக்காரர்கள் எழுதினால் பலருக்கு வருவதில்லை. ஜிமெயில்காரர்கள் சிலர் தானாகவே லிஸ்ட்டிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். எங்கே பிழை?

திரும்பி வந்த மெயிலை இணைத்து அனுப்பியிருக்கலாம். காரணம் அதிலேயே எழுதியிருக்கும். அது இல்லாமல் அனுப்பினால் நான் ஊகிக்கத்தான் வேண்டும். இந்த முறை ஊகம் கடினமில்லை.

2014 ஏப்ரலில் யாகூ, தன் பெயரில் போலி மெயில் வராமல் தடுக்கும் டிமார்க் விதியைக் கடுமையாக்கியது: 'எங்கள் பெயரில் வரும் மெயிலில் எங்கள் முத்திரை சரியாக இல்லாவிட்டால், எங்கள் சர்வரிலிருந்தும் வராவிட்டால், திருப்பி அனுப்பு.' உங்கள் லிஸ்ட் என்ன செய்கிறது? தலைப்பில் பேட்ச் பெயரை ஒட்டுகிறது, அடியில் இரண்டு வரி சேர்க்கிறது. அங்கேயே முத்திரை உடைகிறது. அனுப்புவதும் லிஸ்ட்டின் சர்வர். ஆகவே விதியை மதிக்கும் ஜிமெயில் திருப்பி அனுப்புகிறது. லிஸ்ட் மென்பொருளோ, இந்த ஜிமெயில் முகவரி வேலை செய்யவில்லை போல என்று எண்ணி, சில முறை திரும்பியதும் அவரை நீக்கிவிடுகிறது. எழுதியவர் யாகூக்காரர், தண்டனை ஜிமெயில்காரருக்கு.

எந்த முகவரிக்கு இந்த விதி இருக்கிறது என்று டெர்மினலில் இப்படிப் பார்க்கலாம்:

```
dig +short TXT _dmarc.yahoo.com
```

விடையில் `p=reject` இருந்தால் அதுதான். உங்கள் லிஸ்ட் மென்பொருள் மெயில்மேன் என்றால், அதில் டிமார்க் தணிப்பு என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் அனுப்புநர் முகவரிக்குப் பதில் லிஸ்ட் முகவரி வரும்படி வையுங்கள். பெயருக்குப் பக்கத்தில் `via` என்று தெரியும், யாரும் பழகிக்கொள்வார்கள். பிறகு நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்க மறக்காதீர்கள்.

ஒருவருக்குத் தனியாக எழுதிய பதில் 400 பேருக்கும் போய்விட்டது. எப்படித் திரும்பப் பெறுவது?

முடியாது. லிஸ்ட் அட்மினிடம் சொல்லி `Reply-To` அமைப்பை எழுதியவருக்கே என்று மாற்றச் சொல்லுங்கள். அப்போது தவறு நடந்தாலும் ஒரு மெயிலைத் திரும்ப அனுப்பும் சிரமம்தான். லிஸ்ட்டுக்கே பதில் போகும்படி வைத்தால், ஒரு தவறில் ஒருவரின் குடும்ப விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து பேர் உள்ள கமிட்டி விவாதத்துக்கு லிஸ்ட்டுக்கே பதில் சரி, 400 பேருக்கு வேண்டாம்.

லிஸ்ட் எல்லாம் எதற்கு? 600 பேரையும் பிசிசியில் போட்டால் ஆகாதா?

இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 500 பேர்தான். தாண்டினால் ஒரு நாள் வரை அனுப்ப விடாது. விலக நினைப்பவருக்கும் வழியில்லை, அதனால் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்கள். அந்தக் கறை உங்கள் முகவரிக்கு.

வீட்டை விற்றுப் போனவர் இன்னும் எங்கள் லிஸ்ட்டில் இருக்கிறார். கமிட்டிக் கணக்கு எல்லாம் அவருக்கும் போகிறது.

நீக்குவது ஒரு நிமிட வேலை. யார் நீக்குவது என்று முடிவாகாததுதான் உங்கள் சிக்கல். சாவி கை மாறும் நாளில் கையெழுத்து வாங்கும் தாளில், 'லிஸ்ட்டிலிருந்து நீக்கியாயிற்று, புதியவர் முகவரி சேர்த்தாயிற்று' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதைச் செய்ய அதிகாரம் உள்ள அட்மின் இருவர் இருக்கட்டும், ஒருவர் ஊரில் இல்லாத நாளிலும் வீடு கை மாறும்.