தேக்கு அலமாரிக்கு விலை போடுவது எப்படி?

கேள்வி: கும்பகோணம் பக்கம் சொந்தமாக மரப்பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு உதவியாள் உண்டு. போன மாதம் ஒரு வீட்டுக்கு ஆறரை அடி உயரம், நாலடி அகலம், 20 அங்குல ஆழத்தில் இரட்டைக் கதவுத் தேக்கு அலமாரி செய்து கொடுத்தேன். மரம், பிளைவுட், கீல் பூட்டு, எங்கள் இருவர் கூலி, பாலிஷ் எல்லாம் சேர்த்து 55,600 ரூபாய் என்று கணக்கு வந்தது. அதன் மேல் 20 சதவீதத்துக்குச் சற்றுக் கூடவே வைத்து 68,000 வாங்கினேன். எல்லாருக்கும் கொடுத்தது போக 1,600 ரூபாய்தான் நின்றது. என் கூலிகூட வரவில்லை. கணக்குத் தாளையும் பில்களையும் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: தாளை வரி வரியாகப் பார்த்தேன். நீங்கள் போட்டிருக்கும் விலைகளில் குறையில்லை. தேக்கு கன அடி 3,500, உங்கள் நாள் கூலி 1,200, உதவியாளுக்கு 800, மெலமைன் பாலிஷ் சதுர அடிக்கு 100. இவை ஊருக்கு ஊர் மாறும் என்றாலும் உங்கள் பில்களோடு ஒத்துப்போகின்றன. பணம் போனது அளவுகளில். எவ்வளவு மரம், எத்தனை நாள், எத்தனை சதுர அடி என்ற மூன்றையும் குறைத்து எழுதியிருக்கிறீர்கள். பட்டறைச் செலவையோ எழுதவே இல்லை.

முதலில் மரம். அலமாரியின் ஒவ்வொரு துண்டையும் முடிந்த அளவில் கணக்கிட்டு, மொத்தம் ஐந்தேகால் கன அடி என்று கண்டு, சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்து 5.8 கன அடிக்கு 20,300 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். ஆனால் டிப்போ பில்லில் இருப்பது 8 கன அடி, 28,000 ரூபாய். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கதவின் நெடுக்குச் சட்டம் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். வேலை முடிந்தபின் அது 6 அடி நீளம், 3 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல கனம். நீளத்தை அடியிலும் மற்ற இரண்டை அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 0.156 கன அடி. அந்தச் சட்டத்துக்காக நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கட்டை ஆறரை அடி நீளம், மூன்றரை அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம். அது 0.237 கன அடி. பாதிக்கு மேல் கூடுதல்! முனை வெட்டியது, ரம்பம் தின்றது, இழைப்பில் போனது எல்லாம் அதில் அடக்கம். கதவுக்குள் வரும் பலகை இன்னும் மோசம். ஒரு அங்குலப் பலகையை இழைத்து ஐந்து நூலுக்குக் கொண்டுவரும்போது மூன்று நூல் கனம் சீவலாகவே போய்விடுகிறது. இதற்கு மேல் கட்டையில் வெள்ளை ஓடியிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். வெள்ளையை விட்டுவைத்தால் பிற்பாடு உளுத்துப்போகும், பேர் கெடும்.

அதனால் 10 சதவீதம் என்ற பழக்கக் கணக்கை விட்டுவிடுங்கள். இனி ஒவ்வொரு துண்டையும் வாங்கும் அளவில் எழுதுங்கள். அது சிரமம் என்றால், கடைசியாகச் செய்த நாலைந்து வேலைகளின் டிப்போ பில்லில் உள்ள கன அடியை, முடிந்த அளவின் கன அடியால் வகுத்துப் பாருங்கள். உங்கள் பட்டறைக்கென்று ஒரு விகிதம் கிடைக்கும். இந்த அலமாரியில் அது ஒன்றரைக்குச் சற்று மேலே. அடுத்த விலையைப் போடும்போது முடிந்த அளவை அந்த விகிதத்தால் பெருக்கினால் போதும்.

அடுத்தது நாட்கள். நீங்கள் 10 நாள் எழுதியிருக்கிறீர்கள். அறுப்பு, இழைப்பு, மூட்டு வேலை, கதவு மாட்டல், தேய்ப்பு என்று பட்டறைக்குள் நடந்த வேலைக்கு அது சரிதான். ஆனால் வீட்டுக்குப் போய் அளவெடுத்து, டிப்போவில் கட்டை பொறுக்கியதில் ஒரு நாள் போயிருக்கிறது. அலமாரியை மாடிக்கு ஏற்றி, தரை சமமில்லாததால் கீழே சக்கை கொடுத்து, கதவைத் திரும்பச் சரிசெய்ததில் இன்னொரு நாள். அந்த இரண்டு நாளும் நீங்கள் வேறு வேலை எதுவும் செய்யவில்லை, உதவியாளுக்கும் கூலி கொடுத்திருக்கிறீர்கள். ஆக 12 நாள், 24,000 ரூபாய்.

சரியாகக் காயாத மரமும் இதே மாதிரி நாளைத் தின்னும். விலை குறைவு என்று ஈரக்கட்டை எடுத்தால், இரண்டு மூன்று மாதத்தில் கதவுப் பலகை சுருங்கி, சட்டத்தின் ஓரமாகப் பாலிஷ் படாத வெளிறிய கோடு தெரியும். வீட்டுக்காரர் கூப்பிடுவார், நீங்கள் போய்த்தான் ஆக வேண்டும். ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதம் அளவில் காட்டினால் நல்லது. 15-ஐத் தாண்டினால் அந்தக் கட்டையைக் கதவுக்கு எடுக்க வேண்டாம். பலகையைக் காடியில் இறக்கும் முன்பே அதன் ஓரத்துக்கு ஒரு கை பாலிஷ் கொடுத்துவிட்டால் கொஞ்சம் சுருங்கினாலும் கோடு தெரியாது.

பாலிஷில் நீங்கள் முன்பக்கம் 26 சதுர அடி, இரண்டு பக்கவாட்டும் 22 என்று 48 சதுர அடிக்கு 4,800 போட்டிருக்கிறீர்கள். கதவின் உள்பக்கத்தை மறந்துவிட்டீர்கள். அதுவும் 26 சதுர அடி. பாலிஷ்காரர் பில்லில் அதைச் சேர்த்து 74 சதுர அடிக்கு 7,400 வாங்கியிருக்கிறார். மெலமைனுக்கு இந்த மறதி 2,600 ரூபாயோடு போயிற்று. பி.யு. கேட்டிருந்தால் அடி விலையே இரண்டு மடங்குக்கு மேல், நஷ்டமும் அந்த அளவுக்கு ஏறியிருக்கும். தவிர பி.யு. அடிக்கத் தூசி இல்லாத இடம் வேண்டும். அந்த நாட்களில் பக்கத்தில் ரம்பம் ஓட்ட முடியாது. வாடிக்கையாளர் பி.யு. கேட்டால், வேலை நின்றுபோகும் நாட்களுக்கும் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

பட்டறைச் செலவுக்கு வருவோம். வாடகை, மின்சாரம், பிளேடு சாணை, இயந்திரப் பராமரிப்பு எல்லாம் மாதம் 15,400 என்று கடிதத்தின் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மாதத்தில் உண்மையாக வேலை நடப்பது 22 நாள். ஒரு நாளுக்கு 700 ரூபாய். இந்த அலமாரி எடுத்த 12 நாளுக்கு 8,400. ஏற்றுகூலி, வண்டி வாடகை 2,500 தனி.

இப்போது கூட்டிப் பாருங்கள். மரம் 28,000, பிளைவுட்டும் கீல் பூட்டும் 10,500, கூலி 24,000, பாலிஷ் 7,400, பட்டறை 8,400, வண்டி 2,500. மொத்தம் 80,800 ரூபாய். 68,000-க்குக் கொடுத்ததில் நஷ்டம் 12,800. உங்கள் 12 நாள் கூலியான 14,400-ஐ நீங்கள் எடுத்துக்கொள்ளாததால்தான் அது நஷ்டமாகத் தெரியாமல் 1,600 மிச்சமாகத் தெரிந்தது. உங்கள் கூலி லாபம் இல்லை. வேறு பட்டறைக்குப் போயிருந்தாலும் அந்தக் காசு உங்களுக்குக் கிடைத்திருக்கும். அதை எப்போதும் செலவில் எழுதுங்கள். இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

லாபம் அதற்கு மேல் வருவது. 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பலரும் 80,800-இல் 15 சதவீதம் கூட்டி 92,900 என்பார்கள். ஆனால் விற்ற விலையில் பார்த்தால் அது 13 சதவீதம்தான். விற்ற விலையில் 15 நிற்க வேண்டுமானால் 80,800-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். 95,000 வருகிறது. பேரம் பேசுபவர்கள் விற்கும் விலையிலிருந்துதான் “பத்து பர்சென்ட் குறையுங்கள்” என்பார்கள். அதனால் இந்த வழியில் கணக்கு வைத்திருந்தால் குறைத்தபின் என்ன மிஞ்சும் என்பது உடனே தெரியும். 95,000-இல் பத்து சதவீதம் விட்டால் கையில் லாபம் 4,700 மட்டுமே.

வரி விஷயம் சுருக்கமாக. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்து ஜி.எஸ்.டி. பதிவு இல்லை என்றால், மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் கட்டிய வரி உங்களுக்குத் திரும்ப வராது, அதுவும் செலவுதான். மேலே உள்ள விலைகள் வரியோடு சேர்ந்தவை. பதிவு செய்தபின் வரியில்லாத விலையில் கணக்குப் போட்டு, மர அறைகலன்களுக்கான 18 சதவீதத்தை மேலே தனியாகக் காட்டுங்கள்.

இனி டிசைன். “மேலே மட்டும் கொஞ்சம் வளைவாக வையுங்கள்” என்று வீட்டில் சொல்வார்கள். கேட்க ஒரு வாக்கியம்தான். கதவு இரண்டின் மேல் குறுக்குச் சட்டத்தையும் வளைக்க, நாலரை அங்குலக் கட்டைக்குப் பதில் எட்டரை அங்குலக் கட்டை வேண்டும். கூடுதல் மரம் ஒரு கன அடியில் ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 600 ரூபாய். ஆனால் அச்சு வெட்டி, வளைவு அறுத்து, அதற்குள் காடி எடுத்து, பலகையின் தலையையும் அதே வளைவுக்குத் தேய்க்க இரண்டு நாள் பிடிக்கும். இருவர் கூலியும் பட்டறைச் செலவும் சேர்த்து 5,400. ஆக 6,000 செலவு, விலையில் 7,000 ஏற வேண்டும். வேலைப்பாடு கூடும்போது காசு பெரும்பாலும் மரத்தில் போவதில்லை, நாளில் போகிறது. பூச்செதுக்கு வேலைக்கு இன்னும் கவனம் தேவை. ஒரு பலகையை மட்டும் முதலில் செதுக்கி எத்தனை நேரம் ஆனது என்று பார்த்து, அதை வைத்து மீதிக்குக் கணக்கிடுங்கள். செதுக்கும்போது பிளந்தால் ஒரு பலகை முழுசாகப் போகும், அதற்கும் மரம் ஒதுக்குங்கள்.

வாடிக்கையாளர் சதுர அடிக்கு என்ன ரேட் என்று கேட்டால், தேக்கு வேலைக்கு அப்படிச் சொல்லாதீர்கள். இந்த அலமாரி முன்பக்க அளவில் அடிக்கு 3,650 வருகிறது. அதே ரேட்டில் இரண்டடி அகல அலமாரிக்கு விலை சொன்னால் கை நஷ்டம், ஏனென்றால் அகலம் பாதியானாலும் பக்கவாட்டு இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. மரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது.

விலை சொல்லும் தாளில் மரத்தின் வகை, எங்கே தேக்கு, எங்கே பிளைவுட், எந்த பாலிஷ், எத்தனை பக்கம், வண்டி யார் செலவு, இந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதெல்லாம் இருக்கட்டும். முன்பணம் குறைந்தது பாதி வாங்குங்கள். 95,000-இல் பாதி 47,500. மரம், பிளைவுட், சாமான் மூன்றுக்குமான 38,500-ஐ அது தாங்கும், மரம் வாங்க நீங்கள் வட்டிக்குப் போக வேண்டியதில்லை. பாலிஷ் தொடங்கும் முன் இன்னொரு 35,000, மாட்டிக் கொடுத்த அன்று மீதி. இடையில் டிசைன் மாறினால், கூடுதல் தொகையை அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியபிறகு கட்டையில் ரம்பம் வையுங்கள்.