12.5% வட்டி 13%-ஐவிட அதிகமாவது எப்படி?

*“மகளின் கல்லூரிச் செலவுக்காக நகையை வைத்து 2 லட்சம் வாங்க வேண்டும். ஒரு வருடத்தில் அசலையும் வட்டியையும் மொத்தமாக அடைத்துவிடுவேன். வங்கியில் 13%, வருடக் கடைசியில் ஒரே வட்டி என்கிறார்கள். கட்டணம் 500 ரூபாய். பைனான்ஸில் 12.5%தான், ஆனால் மாதக் கூட்டு வட்டி என்று தாளில் போட்டிருக்கிறது. கட்டணம் 1,000 ரூபாய். இரண்டிலும் ஜிஎஸ்டி தனி. அரை சதவீதம் குறைவுதானே, பைனான்ஸிலேயே வைத்துவிடலாமா? கூட வந்த தெரிந்தவர், ‘நூற்றுக்கு ஒரு ரூபாய் நாலு காசுதான், வேறு எங்கும் கிடைக்காது’ என்று அவசரப்படுத்துகிறார்.” — ஒரு வாசகி, திருச்சி*

வேண்டாம் அம்மா, வங்கியிலேயே வையுங்கள். நீங்கள் சொன்னபடி வருடக் கடைசியில் மொத்தமாக அடைப்பதாக இருந்தால், அந்த 12.5% உண்மையில் 13.24% ஆகிவிடும். கட்டணத்தையும் சேர்த்தால் 14-ஐ நெருங்கும்.

மாதக் கூட்டு வட்டி என்றால், முதல் மாத வட்டியை நீங்கள் கட்டாவிட்டால் அதையும் அசலோடு சேர்த்துவிட்டு, இரண்டாவது மாதம் அந்தக் கூடுதல் தொகைக்கும் வட்டி போடுவார்கள். உங்கள் 2 லட்சத்துக்கு முதல் மாத வட்டி 2,083 ரூபாய். இரண்டாவது மாதம் வட்டி 2,02,083 ரூபாய்க்கு. வித்தியாசம் 22 ரூபாய்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் மாதா மாதம் அது ஏறிக்கொண்டே போய், பன்னிரண்டாம் மாத முடிவில் உங்கள் கணக்கில் 2,26,483 ரூபாய் நிற்கும். அதே நாளில் வங்கிக்குக் கட்ட வேண்டியது 2,26,000. தாளில் அச்சடித்த 12.5% பெயரளவு வட்டி. வருட முடிவில் உங்கள் கையை விட்டுப் போகும் 13.24%தான் பயனுறு வட்டி. இரண்டு கடன்களை ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை, போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும். 12.5-ஐ 12-ஆல் வகுத்து, வந்ததை 100-ஆல் வகுத்து, 1-ஐக் கூட்டுங்கள், 1.0104167 வரும். இதை 12 முறை பெருக்க வேண்டும். குறுக்கு வழி ஒன்று உண்டு. முதலில் மூன்று முறை பெருக்குங்கள் (1.0104167 × 1.0104167 × 1.0104167), 1.03158 வரும். அதை அதனாலேயே பெருக்கினால் 1.06415, இது ஆறு மாதக் கணக்கு. அதையும் அதனாலேயே பெருக்கினால் 1.13242, இது பன்னிரண்டு மாதம். முன்னால் இருக்கும் 1-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 13.24%. நடுவில் இலக்கங்களை வெட்டாமல் அப்படியே கால்குலேட்டரில் ஓட விடுங்கள். மகளிடம் கம்ப்யூட்டர் இருந்தால் எக்செல் கட்டத்தில் இந்த ஒரு வரி போதும்:

```
=EFFECT(12.5%,12)
```

வங்கியின் 13%-க்கு இந்த வேலையே இல்லை. வருடத்துக்கு ஒரே ஒரு முறை வட்டி போடுவதால் பெயரளவும் பயனுறு வட்டியும் ஒன்றுதான்.

அடுத்தது கட்டணம். 1,000 ரூபாய் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 1,180. அதைப் பிடித்துக்கொண்டு பைனான்ஸில் உங்கள் கையில் கொடுப்பது 1,98,820 ரூபாய்தான். ஆனால் வட்டி முழு 2 லட்சத்துக்கும் ஓடும். 2,26,483-ஐ 1,98,820-ஆல் வகுத்தால் 1.1391, அதாவது 13.91%. வங்கியில் 590 ரூபாய் பிடித்து 1,99,410 தருவார்கள், அங்கே 13.33%. அரை சதவீதம் குறைவு என்று உங்களிடம் சொன்னது இப்போது அரை சதவீதத்துக்கும் மேல் அதிகமாக நிற்கிறது. ரூபாயில் சொன்னால் 1,073 கூடுதல்.

சீக்கிரம் பணம் வந்து முன்னாலேயே மீட்டுவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். வங்கி நாள் கணக்கில் தனிவட்டி போடுகிறது என்று வைத்துக்கொண்டால், வட்டியை மட்டும் பார்க்கும்போது முதல் எட்டு மாதம் வரை பைனான்ஸ்தான் கொஞ்சம் மலிவு. ஒன்பதாம் மாதத்தில் வங்கி முந்திவிடும். ஆறாம் மாதத்தில் மீட்டால் பைனான்ஸ் வட்டி 12,830, வங்கி வட்டி 13,000. ஆனால் கட்டணத்தைச் சேர்த்தால் 14,010-ம் 13,590-ம் ஆகிவிடுகிறது. ஆக, எப்போது மீட்டாலும் வங்கிதான்.

மாதா மாதம் வட்டியைக் கட்டிவிட்டால் கூட்டு வட்டியே வராதே என்று அந்தத் தெரிந்தவர் அடுத்து சொல்வார். பலர் இதில்தான் குழம்பிப் போகிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அவர் சொல்வது பாதி உண்மை. மாதம் 2,083 ரூபாய் தவறாமல் கட்டினால் வருடத்துக்கு 25,000 ரூபாய்தான் வட்டி. வங்கியின் 26,000-ஐவிட ஆயிரம் குறைவு. ஆனால் வங்கிக்கு அந்தப் பணத்தை வருடக் கடைசியில்தான் தருகிறீர்கள், இங்கே முதல் மாதத்திலிருந்தே தருகிறீர்கள். அந்த 2,083 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும்.

சம்பளத்தில் மிச்சமாகி, சேமிப்புக் கணக்கில் 3% வட்டிக்குச் சும்மா கிடக்கும் பணம் என்றால், அதை முன்னாலேயே எடுத்துக் கட்டுவதால் உங்களுக்குப் போவது வருடத்துக்குச் சுமார் 344 ரூபாய். மொத்தச் செலவு 25,344. கட்டண வித்தியாசம் 590 ரூபாயைச் சேர்த்தாலும் 25,934. வங்கியைவிட 66 ரூபாய் மலிவு. அதுவும் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால். மாறாக, மாசக் கடைசியில் கையைக் கடித்து, தெருவில் ரெண்டு வட்டிக்கு வாங்கி இந்த வட்டியைக் கட்டுகிறீர்கள் என்றால், அந்த இரண்டாவது கடனுக்கே வருடத்தில் 2,750 ரூபாய் போய்விடும். இதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். நகைக்கடன் ரசீதில் வட்டி தவறாமல் கட்டியதாக இருக்கும், பக்கத்து வீட்டு நோட்டில் கடன் ஏறிக்கொண்டிருக்கும். 66 ரூபாய்க்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

இப்போது அந்த “ஒரு ரூபாய் நாலு காசு”. நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்ற பேச்சு நம் ஊரில் நாக்கில் ஊறிய பழக்கம், எண் சின்னதாகக் கேட்பதால் பயம் வருவதில்லை. மாதத்துக்கு ஒரு வட்டி என்றால், கட்டாமல் விட்டு அசலோடு சேர்ந்தால் வருடத்துக்கு 12.68%. ரெண்டு வட்டி 26.82%. மூணு வட்டியை 36% என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது 42.58%. மாத வட்டி ஏற ஏற, 12-ஆல் பெருக்கிய கணக்குக்கும் உண்மைக்கும் இடைவெளி வேகமாக அகலும். யார் மாத வட்டியில் பேசினாலும் வருடக் கணக்கில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இடையில் வந்து நிற்கும் இந்த மனிதர்களைப் பற்றி எனக்கு ஆறவே ஆறாத கோபம் உண்டு. பலருக்கு நகை கொண்டுவந்து சேர்த்தால் கமிஷன். அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, பல பைனான்ஸ் திட்டங்களில் குறைந்த வட்டி என்பது மாதா மாதம் வட்டி கட்டுவோருக்கு மட்டும் தரும் சலுகை. ஒரு மாதம் தாண்டினால் ஒரு விகிதம், மூன்று மாதம் தாண்டினால் அதைவிடக் கூடிய விகிதம் என்று படிப்படியாக ஏறும். உங்கள் தாளில் 12.5%-க்குக் கீழே சின்ன எழுத்தில் இப்படி ஒரு படிக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வருடக் கடைசியில் கட்டப்போகும் உங்களுக்கு மேலே நான் போட்ட கணக்கே பொருந்தாது, அதைவிடக் கூடத்தான் ஆகும்.

இன்னொன்று ஃபிளாட் வட்டி. நகையே வேண்டாம், 8% ஃபிளாட் வட்டியில் பர்சனல் லோன் வாங்கித் தருகிறேன் என்று அதே ஆள் நாளைக்கு வருவார். 2 லட்சத்துக்கு 16,000 வட்டி, மாதம் 18,000 தவணை என்பார்; கேட்க இனிக்கும். மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி முழு 2 லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது வருடம் 14.45%, அதையும் மாதக் கூட்டாக மாற்றினால் 15.45%. உங்கள் 13%-ஐவிட மிக அதிகம்.

ரிசர்வ் வங்கி இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டும் என்று நானும் எதிர்பார்த்தேன். 2024 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைத் தவணைக் கடன்களுக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்த வருடச் செலவு விகிதத்தைப் போட்டு, வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தச் சுற்றறிக்கையோடு கொடுத்த மாதிரிக் கணக்கைப் பாருங்கள். 20,000 ரூபாய்க் கடன், 15% வட்டி, 400 ரூபாய் கட்டணம், 24 தவணை, வருடச் செலவு 17.07% என்று வருகிறது. அது மாத விகிதத்தை 12-ஆல் பெருக்கிய எண்தான், கூட்டு வட்டியின் பாதிப்பு அதில் இல்லை. கூட்டிப் பார்த்தால் 18.47%. கடன் வாங்குபவருக்கு ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்று கொண்டுவந்த தாளிலும், இன்னொரு முறை கால்குலேட்டரைத் தட்டும்படி விட்டுவிட்டார்கள். ஆகவே ஒரு தாளில் மாதக் கணக்கை 12-ஆல் பெருக்கிய எண்ணும், இன்னொன்றில் பயனுறு வட்டியும் இருந்தால், இரண்டையும் அப்படியே ஒப்பிடாதீர்கள்.

சதவீதத்தில் குழப்பம் வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இன்றைக்கு என் கையில் எவ்வளவு தருவீர்கள், சரியாக 12 மாதம் கழித்து நடுவில் எதுவும் கட்டாமல் வந்தால் எவ்வளவு தர வேண்டும்? எழுதிக் கொடுங்கள்.” வங்கி 1,99,410 என்றும் 2,26,000 என்றும் எழுத வேண்டும். பைனான்ஸில் இரண்டாவது தொகை 2,26,483-ஐ ஒட்டி வந்தால் கணக்கு மேலே சொன்னதுதான். அதைவிட நன்றாகக் கூடி வந்தால் அந்தப் படிக்கட்டு எங்கேயோ ஒளிந்திருக்கிறது. எழுதித் தர மறுத்தால் நகையைக் கவுண்டரில் எடுத்து வைக்கவே வேண்டாம்.