தசை "மாறு" என்கிறது, ஏழரை "இரு" என்கிறது: எதைக் கேட்பது?

"ரிஷப லக்னம், கும்ப ராசி, சதயம். சனி 9-ல் மகரத்தில், சந்திரன் 10-ல். சனி தசையில் சந்திர புக்தி, 2027 ஜனவரி வரை. கையில் ஒரு புது வேலை ஆஃபர் இருக்கிறது. இங்கேயே ஏப்ரலில் பதவி உயர்வு தருவதாகவும் சொல்கிறார்கள். ஒரு ஜோதிடர் தசை நன்றாக இருக்கிறது, மாறலாம் என்கிறார். இன்னொருவர் ஜென்மச் சனி நடக்கிறது, அசையாதே என்கிறார். இப்போது பிப்ரவரி 2026. யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேரும் பாதி ஜாதகம்தான் பார்த்திருக்கிறார்கள். தசாபுக்தி என்ன தரும் என்பதைச் சொல்லும். எப்போது கைக்கு வரும் என்பதைக் கோசாரம் சொல்லும். தசையில் இல்லாததைக் கோசாரம் கொண்டுவந்து தராது. அதனால் முதலில் தசையைப் பார்த்துவிட்டுத்தான் பெயர்ச்சிக்கு வரவேண்டும்.

ரிஷப லக்னத்துக்குச் சனி 9, 10 இரண்டுக்கும் அதிபதி, யோககாரகன். அவர் ஆட்சி பெற்று 9-ல் இருக்கிறார். 9-ம் வீடு 10-க்கு 12-ம் வீடு, அதாவது தொழிலுக்கு விரய ஸ்தானம். தொழில் அதிபதி அங்கே பலமாக இருந்தால், இருக்கும் இடத்தை விட்டுவிட்டு இன்னொரு இடத்தில் உயர்வது என்றுதான் நான் படிப்பேன். புக்திநாதன் சந்திரன் 3-க்கு உடையவர். 3 என்பது முயற்சி, இடமாற்றம். அவர் 10-ல் அமர்ந்திருக்கிறார். இரண்டையும் சேர்த்தால் மாற்றம் பதவி உயர்வை முந்துகிறது. பதவி உயர்வுக்கு 10-ஓடு 2, 11-ம் வீடுகளும் தசாபுக்தியில் நேராகப் பேச வேண்டும். இங்கே அந்தக் குரல் மெலிது. ஏப்ரல் வாக்குறுதி தள்ளிப் போனால் எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது கோசாரம். பலரும் ராசியிலிருந்து எண்ணி முடித்துவிடுவார்கள். நான் முதலில் தசாநாதன் இப்போது எங்கே நடக்கிறார் என்று லக்னத்திலிருந்து பார்ப்பேன். திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29-லிருந்து மீனத்தில், உங்கள் லக்னத்துக்கு 11-ல், லாப ஸ்தானத்தில் இருக்கிறார். ராசிக்கு அது 2-ம் இடம், ஏழரையின் கடைசிப் பகுதியான பாதச் சனி. ஜென்மச் சனி என்றவர் வாக்கியப் பஞ்சாங்கம் வைத்திருப்பார். அதில் சனி மீனத்துக்கு வருவது 2026 மார்ச் 6-ல்தான். அந்த நாள் தாண்டினால் இரண்டு கணக்கிலும் பாதச் சனிதான்.

பாதச் சனி எவ்வளவு உறுத்தும் என்பதற்கு அஷ்டகவர்க்கம் பாருங்கள். சனிக்கு மொத்தம் 39 பரல்கள், 12 ராசிக்குப் பிரித்தால் சராசரி மூன்றுக்குச் சற்று மேல். உங்கள் ஜாதகத்தில் மீனத்தில் சனிக்கு 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் தைரியமாக நகரலாம். 2 அல்லது அதற்குக் கீழே என்றால் வேலை மாறும், ஆனால் சம்பளப் பேச்சில் சறுக்கும். எழுத்தில் வாங்காமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். (பரல் எத்தனை இருந்தாலும் அது நல்ல பழக்கம்தான்.)

அப்புறம் குரு. இப்போது மிதுனத்தில் இருக்கிறார். அங்கிருந்து அவருடைய 9-ம் பார்வை கும்பத்தில் விழுகிறது. அது உங்கள் 10-ம் வீடு, புக்திநாதன் இருக்கும் வீடும் அதுவே. தசாநாதன் லாபத்தில் நடக்க, புக்திநாதனைக் குரு பார்க்கிற இந்த இணைப்புதான் நாம் தேடியது. இது 2026 ஜூன் 2 வரை. அன்று குரு கடகத்துக்குப் போனதும் கும்பத்தின் மீதான பார்வை விலகிவிடும். கடகத்திலிருந்து அவர் மீனத்துச் சனியைப் பார்ப்பார் என்பதால் கதவு மூடிவிடாது, ஆனால் ராசிக்கு 6-ல் இருக்கும் குரு அலைச்சல் தருவார். ஜூலை கடைசியில் சனியும் வக்ரமாகிறார். டிசம்பர் இரண்டாம் வாரம் வரை இழுபறிதான்.

மாதத்தைக் குறிக்கச் சூரியனை வைத்துக்கொள்ளலாம். மாசியில் சூரியன் உங்கள் 10-ல், ஒப்பந்தம் கையெழுத்தாக நல்ல சமயம். மூன்று மாத நோட்டீஸ் என்றால் வைகாசி தொடக்கத்தில் சேரலாம், குரு பெயருமுன். பங்குனியில் மட்டும் சூரியனோடு நெருங்கிச் சனி அஸ்தமனம்; அந்த நாட்களில் மேலதிகாரியோடு பேரம் பேச வேண்டாம்.

இவ்வளவும் பிறந்த நேரம் சரியென்றால்தான். சதயத்துக்கு முதல் தசை ராகு, 18 வருடம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் பிறந்த நேரத்தில் 10 நிமிடம் பிசகினால் புக்தி எல்லைகள் எல்லாம் ஒன்றரை மாதம் தள்ளும். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'காலை 6 மணி' என்று முழு எண்ணாக எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உங்கள் முதல் வேலை, கடைசியாக மாறிய வேலை இரண்டின் தேதிகளையும் அப்போது நடந்த புக்திகளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே பக்கமாக விலகினால் நேரத்தைத் திருத்திவிட்டு, 2027 ஜனவரி என்ற கணக்கை முதலில் மறுபடி போடுங்கள்.